ஆண்ட்டி வீட்டு ரூமுக்கு ஒரு பக்க ஒப்பந்தம்

புது செமஸ்டருக்கு ரூம் தேடப் போகிற தம்பி தங்கைகளுக்காக இந்தப் பாடம். முழு வீட்டை அஞ்சு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுக்கிறதைப் பற்றி நான் இங்கே சொல்லவில்லை. வீட்டுக்காரர் குடும்பம் அதே வீட்டில் இருக்கும். அவர்கள் ஒரு ரூமில் ரெண்டு கட்டில் போட்டு, ஒன்றை நமக்குத் தந்து, சாப்பாடும் போடுவார்கள். அந்த ஏற்பாட்டுக்கு என்ன எழுதிக்கொள்ள வேண்டும் என்பதுதான் பாடம்.

நான் ஸ்கூடாயில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இங்கே தாமான் வீடுகளில் இப்படித் தங்குகிற நம் பிள்ளைகள் நிறையப் பேர். பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "நம்ம வீடு மாதிரி இரு தம்பி, ஒரு மாச டெபாசிட் குடுத்துடு, போகும்போது வாங்கிக்கோ." ஆண்ட்டி மனசார சொல்கிறார். நாமும் மனசார நம்புகிறோம். ஆனால் "போகும்போது" என்றால் எப்போது, எதைக் கழித்துக்கொண்டு, எத்தனை நாளில் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எட்டு மாதம் கழித்து அதே வார்த்தையை வைத்துக்கொண்டு ரெண்டு பேரும் ரெண்டு கணக்குப் போடுவார்கள்.

ஏன் எழுத வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டுக்காரர் அதே வீட்டில் இருந்துகொண்டு, சாவியும் வைத்துக்கொண்டு, சாப்பாடும் போட்டால், நாம் பொதுவாகச் சட்டப்படி வாடகைக்காரர் இல்லை. அனுமதியின் பேரில் தங்குகிறவர். வாடகைக்காரரை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது என்ற பாதுகாப்பு நமக்கும் இருக்கிறது என்று நம்பி உட்கார முடியாது. நமக்கு இருப்பது அந்தத் தாளில் உள்ளது மட்டும்தான்.

தாளை எழுதும்போது கடைசியில் இருந்து ஆரம்பியுங்கள். நோட்டீஸ், சாப்பாடு, விருந்தாளி என்று எந்தத் தகராறு வந்தாலும் அது கடைசியில் வந்து விழுகிற இடம் டெபாசிட். "அதுல இவ்வளவு புடிச்சிக்கிறேன்" என்ற ஒரு வாக்கியத்தில்தான் எல்லாம் முடியும். அதனால் டெபாசிட் விதியை முதலில் எழுதி, மற்ற மூன்றையும் அதில் கணக்காகச் சேர்க்கக்கூடிய மாதிரி எழுத வேண்டும்.

எண்களை வைத்தே பார்ப்போம். ஒரு கட்டிலுக்கு மாதம் 240 வெள்ளி, காலையும் இரவும் சாப்பாட்டுக்கு 270 வெள்ளி, டெபாசிட் 240 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 30 நாள் என்று ஒப்புக்கொண்டால் ஒரு நாள் ரூம் 8 வெள்ளி, ஒரு நாள் சாப்பாடு 9 வெள்ளி. இந்த ரெண்டு தினக் கணக்கையும் தாளின் மேலேயே எழுதிவிடுங்கள். ரூமையும் சாப்பாட்டையும் சேர்த்து "510 வெள்ளி, எல்லாம் அடக்கம்" என்று எழுதினால், ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்த பிறகு எதைக் கழிப்பது என்று ரெண்டு பேருக்குமே தெரியாது.

டெபாசிட் விதி இப்படி இருக்கலாம்:

"தங்குபவர் 240 வெள்ளி டெபாசிட் கொடுத்துள்ளார். இது கடைசி மாத வாடகை அல்ல. சாவியைத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் வீட்டுக்காரர் இதை வங்கி வழியாகத் திருப்பித் தருவார். பாக்கி வாடகை, பாக்கி சாப்பாட்டுக் காசு, தங்குபவர் உடைத்த அல்லது தொலைத்த பொருளின் செலவு ஆகியவற்றை மட்டும் கழிக்கலாம். கழிப்பவற்றைப் பட்டியலாகவும், செலவுக்கு ரசீதுடனும் தருவார். சாதாரணமாகப் பழகித் தேய்ந்ததற்குக் கழிக்க மாட்டார்."

இதில் "மட்டும்" என்ற சொல்தான் வேலை செய்கிறது. அது இல்லாவிட்டால் வீட்டைக் கழுவின கூலி, சாமி ரூம் பெயிண்ட் என்று பட்டியல் நீளும். மெத்தை அமுங்கிப் போவது பழகித் தேய்வது. மெத்தையில் அயர்ன் பாக்ஸ் வைத்துச் சுட்டது சேதம். இதற்கு நடுவில் இருக்கிற சந்தேகமெல்லாம் உள்ளே நுழைந்த அன்று எடுத்த படத்தில் தீர்ந்துவிடும். சுவர் நாலு பக்கம், கட்டில், அலமாரிக் கதவு, விசிறி, ஜன்னல், பாத்ரூம் குழாய் எல்லாவற்றையும் பத்துப் படம் எடுத்து அன்றைக்கே ஆண்ட்டியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். "ஆண்ட்டி, ரூம் படம் அனுப்பியிருக்கேன், ஜன்னல் பக்கம் ஏற்கெனவே ஈரக்கறை இருக்கு" என்று ஒரு வரியும் போடுங்கள். நம் போனில் மட்டும் வைத்திருக்கிற படத்தைவிட, அவர் போனுக்குத் தேதியோடு போய்ச் சேர்ந்த படத்துக்கு மதிப்பு அதிகம்.

காசு அனுப்புவதிலும் ஒன்று கவனியுங்கள். முதல் மாதம் 240, 270, 240 சேர்த்து மொத்தம் 750 வெள்ளி. இதை ஒரே தடவையாக அனுப்பாமல் மூன்று தடவையாக அனுப்பி, குறிப்பில் ரூம், சாப்பாடு, டெபாசிட் என்று தனித்தனியாகப் போடுங்கள். ஒரே தொகையாகப் போனால், "டெபாசிட் நீ குடுக்கவே இல்லையே, அது முன்பணம்தானே" என்ற பேச்சுக்கு வங்கிக் கணக்கால் பதில் சொல்ல முடியாது. ரூமை நேரில் பார்க்காமல் எந்தத் தொகையும் அனுப்பக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்து நோட்டீஸ். "ஒரு மாத நோட்டீஸ்" என்று மூன்று சொல்லில் எழுதி விட்டுவிடுவார்கள். காசு அதிகமாகப் போகிற இடம் இதுதான். ஒரு தம்பிக்கு இண்டர்ன்ஷிப் கிடைத்து, மார்ச் 10-ஆம் தேதி சொல்லிவிட்டு மார்ச் 31-ஆம் தேதி கிளம்புகிறான் என்று வையுங்கள். மார்ச் வாடகை கட்டியாகிவிட்டது. ஏப்ரலுக்கு அவன் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

ஆண்ட்டி சொல்லலாம்: "மாசம்னா முழு மாசம். மார்ச்ல சொன்னா ஏப்ரல் முடியணும்." அப்படியென்றால் 240 வெள்ளி. டெபாசிட் முழுதும் போய்விட்டது. தம்பி சொல்லலாம்: "சொன்ன நாள்ல இருந்து 30 நாள்." மார்ச் 11 முதல் நாள் என்று எண்ணினால் மார்ச்சில் 21 நாள், ஏப்ரலில் 9 நாள். ஒரு நாளுக்கு 8 வெள்ளி வீதம் 72 வெள்ளி. ரெண்டு பேர் கணக்குக்கும் நடுவில் 168 வெள்ளி வித்தியாசம். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. எழுதியிருந்த மூன்று சொல் ரெண்டு அர்த்தத்துக்கும் இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் நாள் எண்ணிக்கையில் எழுதுங்கள்:

"வெளியேற விரும்பினால் இருவரில் யாரும் 30 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்தாகும். செய்தி அனுப்பிய மறுநாள் முதல் நாளாக எண்ணப்படும். தங்குபவர் 30 நாளுக்கு முன் போனால் மீதி நாட்களுக்கு ரூம் வாடகை மட்டும் தருவார், சாப்பாட்டுக் காசு இல்லை. அந்தக் கட்டிலுக்கு வேறொருவர் வந்துவிட்டால் அன்றிலிருந்து வாடகை நின்றுவிடும். வீட்டுக்காரர் கொடுக்கும் நோட்டீஸ் பல்கலைக்கழகப் பரீட்சை வாரங்களில் முடியக் கூடாது."

கடைசி வாக்கியத்தைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பிள்ளைகளுக்கு ரூம் கொடுக்கிறவர்களுக்குப் பரீட்சை என்றால் என்ன என்று தெரியும். பெரும்பாலும் உடனே சரி என்பார்கள். வேறொருவர் வந்தால் வாடகை நிற்கும் என்பதும் நியாயம்தான், ஒரே கட்டிலுக்கு ரெண்டு பேரிடம் காசு வாங்க முடியாதே. ஆனால் எழுதாவிட்டால் அது ஞாபகத்துக்கு வருவது அபூர்வம்.

ரூமைப் பங்கு போடுகிறவர்கள் இன்னொரு வரி சேர்க்க வேண்டும். பக்கத்துக் கட்டில் பையன் போய்விட்டால் முழு ரூம் வாடகையும் உங்கள் தலையில் விழுமா? "இது ஒரு கட்டிலுக்கான வாடகை. மற்றக் கட்டில் காலியானாலும் கூடாது" என்று எழுதுங்கள். ரெண்டு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடாமல் ஆளுக்கு ஒரு தாள் வைத்துக்கொள்வது நல்லது. ஒரே தாளில், ஒரே தொகைக்குக் கீழே ரெண்டு பெயர் இருந்தால், அவன் பாக்கியையும் உங்களிடம் கேட்க வழி இருக்கிறது.

சாப்பாட்டு விதிதான் எழுதச் சங்கடமான விதி. நம் வீடுகளில் சாப்பாட்டைக் கணக்குப் பார்ப்பது மரியாதைக் குறைவு மாதிரி தெரியும். ஆனால் ஆண்ட்டிக்கும் மளிகைக் கடைப் பில் இருக்கிறது. முதலில் எத்தனை வேளை, எந்த நேரம் என்று தெளிவாக வேண்டும். காலை 7 மணிக்கு, இரவு 8 மணிக்கு, மதியம் கிடையாது, அது நம் பொறுப்பு. லேப் முடிந்து 10 மணிக்கு வருகிற நாளில் தட்டை மூடி வைப்பார்களா, நாமே சூடு பண்ணிக்கொள்ளலாமா, சட்டி கழுவுவது யார் என்பதை வாயால் பேசிக்கொண்டாலே போதும். தாளில் ஏற வேண்டியது வராத நாள் கணக்கு.

ஒரு வேளை சாப்பிடாததற்கெல்லாம் கழிக்கச் சொல்வது சரியில்லை. நண்பனோடு மாமாக் கடையில் சாப்பிட்டுவிட்டு வந்தால், ஆண்ட்டி ஆக்கின சோறு ஆக்கினதுதான். ஆனால் தைப்பூசத்துக்கு ஊருக்குப் போய் ஆறு நாள் வராவிட்டால், முன்னாடியே சொல்லியிருந்தால் அவர் அரிசியும் காய்கறியும் குறைத்துத்தான் வாங்கியிருப்பார். ஆகவே கோட்டை இங்கே போடலாம்: "தொடர்ந்து 3 நாளோ அதற்கு மேலோ வராமல் இருப்பதாக 2 நாள் முன்னதாகச் சொன்னால், வராத ஒவ்வொரு நாளுக்கும் 9 வெள்ளி அடுத்த மாதக் காசில் கழியும். வீட்டுக்காரர் வெளியூர் போய்ச் சமைக்காத நாளுக்கும் இதே கணக்கு." ரெண்டு பக்கமும் ஒரே எண் என்றால் யாருக்கும் மனவருத்தம் வராது.

செமஸ்டர் லீவு தனிக் கேள்வி. ரெண்டு மாதம் நாம் இருக்க மாட்டோம், ஆனால் பெட்டியும் புத்தகமும் அங்கேயே இருக்கும். சாப்பாட்டுக் காசு நிற்பது நியாயம். வாடகை? கட்டில் நமக்காகக் காத்திருக்கிறது என்பதால் முழு வாடகை கேட்கிறவர்களும் உண்டு, பாதி போதும் என்கிறவர்களும் உண்டு. என் கருத்தில் ரெண்டுமே நியாயம்தான். ஆனால் "லீவுல பார்த்துப் பண்ணிக்கலாம்" என்பது விதி ஆகாது. எத்தனை வெள்ளி என்று எண்ணாகவே எழுத வேண்டும்.

வீட்டு ஆசாரத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். வெள்ளிக்கிழமையும் புரட்டாசி மாதமும் அந்த வீட்டில் சைவமா, சமையலறைக்குள் மாட்டிறைச்சி வரக் கூடாதா, டாப்பாவ் வாங்கி வந்த கோழியை ரூமில் வைத்துச் சாப்பிடலாமா என்று முதலிலேயே கேளுங்கள். ரூம் கூட்டாளி வேறு இனத்தவராக இருந்தால் இதை வரியாகவே எழுதுங்கள். நமக்குச் சொல்லாமலே தெரிகிற விஷயம் அவருக்குத் தெரிய நியாயமில்லை.

விருந்தாளி விதி சின்னது. யார், எங்கே, எத்தனை மணி வரை, இவ்வளவுதான். "விருந்தாளிகள் ஹாலில் மட்டும், இரவு 10 மணி வரை. ரூமுக்குள் ரூம் கூட்டாளியின் சம்மதத்தோடு மட்டும். இரவு தங்க முன்கூட்டியே வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும்." அப்பா அம்மா ஊரிலிருந்து வந்தால் ஒரு ராத்திரி தங்கலாமா என்பதை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், பட்டமளிப்புக்கு முந்தின நாள் கேட்பது சிரமம்.

சிலர் இதில் அபராதம் போடுவார்கள். "விதி மீறினால் 100 வெள்ளி டெபாசிட்டில் கழிக்கப்படும்" என்று இருக்கும். இதை எடுத்துவிடச் சொல்லுங்கள். நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் 75-ஆம் பிரிவு இருக்கிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று தொகை எழுதியிருந்தாலும், கிடைப்பது நியாயமான இழப்பீடுதான். எழுதிய தொகை அதன் மேல்வரம்பு. நண்பன் பத்தரை மணிவரை உட்கார்ந்திருந்ததால் ஆண்ட்டிக்கு 100 வெள்ளி நட்டம் வந்தது என்று சொல்வது கஷ்டம். அதற்குப் பதிலாக "இரண்டு முறை எழுத்தில் எச்சரித்தும் தொடர்ந்தால் 30 நாள் நோட்டீஸ் கொடுக்கலாம்" என்று எழுதினால், வீட்டுக்காரருக்கும் பிடி இருக்கும், டெபாசிட் கணக்கிலும் குழப்பம் வராது. திருட்டு, அடிதடி, போதைப்பொருள் என்றால் உடனே வெளியே என்பதையும் சேர்க்கட்டும். அதில் நமக்கு என்ன ஆட்சேபம்?

இப்போது அந்தத் தம்பியின் கணக்கை முடிப்போம். மார்ச் 10 நோட்டீஸ், மார்ச் 31 கிளம்பினான். ஏப்ரல் 5-ஆம் தேதி அந்தக் கட்டிலுக்குப் புதுப் பையன் வந்துவிட்டான். அதனால் 9 நாள் இல்லை, 4 நாள் வாடகைதான்: 32 வெள்ளி. ரூம் சாவியைத் தொலைத்துவிட்டான், பூட்டு மாற்றின ரசீது 35 வெள்ளி. மார்ச்சில் சொல்லிவிட்டு ஆறு நாள் ஊருக்குப் போயிருந்தான், அது அடுத்த மாதம் கழிய வேண்டியது. அடுத்த மாதம் இல்லாததால் 54 வெள்ளி அவனுக்கு வர வேண்டும். 240-இல் 32-ஐயும் 35-ஐயும் கழித்தால் 173. அதோடு 54-ஐச் சேர்த்தால் 227 வெள்ளி. ஆண்ட்டி இந்த நாலு வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். தாள் இல்லாமல் "முழு மாசம்" என்று ஆரம்பித்திருந்தால், இதே தம்பி கையில் எதுவும் இல்லாமல் போயிருப்பான். ஆண்ட்டியும் தான் நியாயமாகத்தான் நடந்துகொண்டோம் என்று நினைத்திருப்பார்.

கையெழுத்துப் போடும் முன் ஒன்று கேளுங்கள்: வீடு ஆண்ட்டியின் சொந்த வீடா, அவரும் வாடகைக்கு இருக்கிறாரா? வாடகை என்றால், வேறு ஆளைத் தங்கவைக்க அவருடைய ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அனுமதி இல்லாவிட்டால் உண்மையான வீட்டுக்காரர் ஒரு நாள் வந்து எல்லாரையும் கிளம்பச் சொல்லலாம். அப்போது நம் தாளை வைத்து ஆண்ட்டியிடம் டெபாசிட்டைத்தான் கேட்க முடியும், ரூமை இல்லை. 18 வயது ஆகாதவர்கள், அதாவது பவுண்டேஷன் படிக்கிற சிலர், அப்பா அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

தாள் எந்த மொழியிலும் இருக்கலாம். ஆண்ட்டிக்கு எது வாசிக்கச் சுலபமோ அதில் எழுதுங்கள், ஆனால் மலாய்ப் பிரதி ஒன்றும் இருந்தால் பின்னால் வேலை குறையும். ரெண்டு பிரதி, ரெண்டிலும் ரெண்டு கையெழுத்து, தேதி, ஐ.சி. எண், சாட்சி ஒருவர். பிறகு கையெழுத்தான 30 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரை வரி கட்டி முத்திரை வாங்குங்கள். இது மாணவர்கள் யாருமே செய்யாத வேலை, எனக்குத் தெரியும். முத்திரை இல்லாவிட்டால் ஒப்பந்தம் செல்லாமல் போகாது. ஆனால் நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட வேண்டி வந்தால், வரியையும் தாமத அபராதத்தையும் கட்டின பிறகுதான் ஏற்பார்கள்.

நீதிமன்றம் என்றதும் பயப்பட வேண்டாம். 5,000 வெள்ளி வரையிலான சிறு கோரிக்கைகளை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நாமே போடலாம். 198-ஆம் எண் பாரத்தை நிரப்பி, எவ்வளவு தொகை, எதனால் என்று சுருக்கமாக எழுதி, தாளையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் வாட்ஸ்அப் படங்களையும் கூடவே வைத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால், 14 நாள் முடிந்த மறுநாள், கணக்கை வரி வரியாகப் போட்டு, "ஆண்ட்டி, நம்ம தாள்ல இருக்கறபடி 227 வெள்ளி வரணும், இன்னும் ஏழு நாள்ல அனுப்பிடுங்க" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். கணக்கு எழுத்தில் கையில் இருந்தால், பெரும்பாலும் விஷயம் அந்தச் செய்தியோடேயே முடிந்துவிடும்.